ஜப்பானிய பாட்டிலில் "எட்டு, மாலை, ஒன்று": லேபிள் படத்தை வைத்து பிராண்டும் உபயோகமும் கண்டுபிடிப்பது எப்படி?

நிஷிகசாய்_புதுசு · 4 மார்ச் 2023, இரவு 9:12

வாடகை வீட்டுல சிங்க்குக்குக் கீழே முன்னாடி இருந்தவங்க விட்டுட்டுப் போன பாட்டில் ஒண்ணு. பச்சை நிறம், முக்கால்வாசி இருக்கு. முன்பக்க லேபிள் பாதி உரிஞ்சிருக்கு. போனில் படம் எடுத்து மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டேன். முதல் தடவை "சமையலறை ஹீட்டர்"னு சொல்லுச்சு. இன்னொரு செயலி "சமையலறை, எட்டு, மாலை, ஒன்று"ங்குது. பின்பக்கம் போட்டா "தயாரிப்புப் பெயர்: சமையலறைக்கான வெளுப்பான்". அப்போ பிராண்ட் பெயரே அதுதானா? பாத்திரம் கழுவற சோப்பா, துணிக்கா? இட்லித் துணி ஊறவைக்கலாமான்னு தெரிஞ்சா போதும். மூணு படம் இணைச்சிருக்கேன்.

பாத்திரக்கடை · 4 மார்ச், இரவு 9:30

லேபிள் பாதி உரிஞ்சிருந்தா மீதியையும் எடுத்துடுங்க. ஹேர் டிரையர் ஒரு நிமிஷம் காட்டினா பசை இளகிடும். மேல தேங்காய் எண்ணெய் தடவி ராத்திரி விட்டா மிச்சப் பிசினும் போயிடும்.

லேபிள்தாத்தா · 4 மார்ச், இரவு 9:41

ஐயோ, உரிக்காதீங்க! அந்த லேபிள்தான் நமக்கு இருக்கற ஒரே ஆதாரம்.

புதுசு தம்பி, "எட்டு, மாலை, ஒன்று" சொன்ன செயலி ஒரு வகையில சரியாத்தான் பார்த்திருக்கு. அதோட கண் நல்லாயிருக்கு, புத்திதான் இல்லை. உங்க படத்துல இருக்கறது ハイター. "ஹைட்டா"னு நீட்டிப் படிக்கணும். இது கத்தகானா, அதாவது வெளிநாட்டுச் சொல்லையும் பிராண்ட் பெயரையும் ஒலியா எழுதற எழுத்து. அதுல ハ வர்ற இடத்துல எட்டைக் குறிக்கற கான்ஜி எழுத்து 八 வந்தாலும் உருவம் கிட்டத்தட்ட அதேதான். タ எழுத்தும் மாலையைக் குறிக்கற 夕 எழுத்தும் இரட்டைப் பிள்ளைங்க. நீட்டலுக்குப் போடற கோடு ー, ஒண்ணுங்கற எண் 一 மாதிரியே கிடக்கும். ஆக ハイター என்பதை 八イ夕一 என்று படிச்சு வார்த்தை வார்த்தையா மொழிபெயர்த்துக் கொடுத்துடுச்சு.

"ஹீட்டர்" சொன்ன செயலி வேற தப்பு பண்ணியிருக்கு. எழுத்தைச் சரியாப் படிச்சது, ஆனா பிராண்ட் பெயருக்கு அர்த்தம் தேடிப் போச்சு. ஹீட்டருக்கு ヒーター என்று எழுதுவாங்க, முதல் எழுத்தே வேற. பிராண்ட் பெயரை மொழிபெயர்க்கவே கூடாது, ஒலியா மட்டும் எடுத்துக்கணும்.

ஹைட்டா, காவோ நிறுவனத்தோட வெளுப்பான் பிராண்ட். படம் 3-ல கீழ் மூலையில பிறைநிலா மாதிரி ஒரு குறி அரைகுறையாத் தெரியுதே, அது அவங்க முத்திரை.

அரைக்கிணறு · 4 மார்ச், இரவு 10:05

இவ்வளவு கஷ்டம் எதுக்கு? பார்கோடு 49-ல ஆரம்பிச்சா ஜப்பான்ல செஞ்சது. உபயோகம் வேணும்னா 酸 எழுத்தைத் தேடுங்க. அது "அமிலம்". உங்க படம் 2-ல நாலாவது வரியில அந்த எழுத்து இருக்கு. ஆக இது அமில வகை. கழிப்பறைக்கு ஊத்தறது. இட்லித் துணி பக்கமே கொண்டு போகாதீங்க.

லேபிள்தாத்தா · 4 மார்ச், இரவு 10:22

அரைக்கிணறு, பெயருக்கேத்த மாதிரி பாதி சரி.

49-ம் 45-ம் ஜப்பானுக்கான முன்னெண்கள், அது உண்மை. ஆனா அந்த எண் சொல்றது நிறுவனம் எங்கே பதிவு பண்ணி எண் வாங்கினதுங்கறதை மட்டும்தான். பொருள் எங்கே தயாராச்சுன்னு அதுல கிடையாது. 890 போட்ட இந்திய நிறுவனப் பொருள் வியட்நாம்ல தயாராகியிருக்கலாம், எண் 890-தான் இருக்கும். இங்கே பார்கோடு உதவற இடம் வேற. படம் 3-ல 4901301 வரைக்கும் தெளிவா இருக்கு, மீதி மங்கல். மங்கினா பரவாயில்லை. அந்த ஏழு எண்ணும் காவோவுக்கு உரியது. லேபிள் முழுக்க உரிஞ்சிருந்தாலும் தயாரிப்பாளர் யாருன்னு அதை வெச்சே சொல்லிடலாம்.

酸 விஷயம்தான் ஆபத்து. அதை நாளைக்கு விரிவா எழுதறேன். இப்போதைக்கு ஒண்ணு: இது அமிலம் இல்லை, நேர் எதிர். ராத்திரி அதைத் திறந்து வேற எதோடயும் கலந்து பார்க்க வேண்டாம்.

சோல்_சுப்பு · 5 மார்ச், காலை 7:50

நடுவுல புகுந்ததுக்கு மன்னிக்கணும். என்கிட்ட இருக்கறது கொரியன் பாட்டில், ஜப்பானியம் இல்லை. 락스 என்று பெருசா இருக்கு. இதுக்கும் இதே வழி உதவுமா?

லேபிள்தாத்தா · 5 மார்ச், காலை 8:36

உதவும் சுப்பு, கடைசியில வர்றேன். முதல்ல புதுசோட பின்பக்க லேபிள்.

ஜப்பான்ல வீட்டு உபயோகப் பொருள்களோட லேபிளுக்குன்னே 1962-ல வந்த சட்டம் ஒண்ணு இருக்கு. சோப்பு, வெளுப்பான் வகையறாவுல என்னென்ன தலைப்பு இருக்கணும்ங்கறதை அதுதான் சொல்லுது. அதனாலதான் எந்தக் கம்பெனி பாட்டிலானாலும் பின்பக்கத்துல ஒரு கட்டம் இருக்கும், அதுல அதே தலைப்புகள் திரும்பத் திரும்ப வரும். முழு லேபிளையும் படிக்க முயற்சி பண்ணாதீங்க. இந்தக் கட்டத்தைத் தேடுங்க.

அதுல 品名 (ஹின்மெய்) என்ற தலைப்புலதான் எல்லாரும் விழுவாங்க. செயலி இதை "தயாரிப்புப் பெயர்" என்று காட்டும், நீங்களும் பிராண்ட்னு நினைச்சீங்க. அது பிராண்ட் இல்லை, பொருளோட வகை. நம்ம ஊர்ல "சலவைத் தூள்"னு போட்ட மாதிரி. உங்க பாட்டில்ல 台所用漂白剤. கத்தி வெச்சு வெட்டற மாதிரி வெட்டுங்க: 台所 சமையலறை, 用 அதுக்கு உரியது, 漂白 வெளுத்தல், 剤 மருந்து, ரசாயனம். துணிக்கான ஹைட்டாவா இருந்தா முன்பாதி 衣料用 என்று மாறியிருக்கும்.

உபயோகம் தெரிஞ்சுக்கணும்னா 用 எழுத்தைப் பிடிச்சு அதுக்கு முன்னாடி என்ன இருக்குன்னு பாருங்க. அடிப்பக்கம் திறந்த பெட்டி, உள்ளே ரெண்டு குறுக்குக் கோடு, நடுவுல ஒரு நேர்கோடு இருக்கும், மங்கின படத்துலயும் கண்ணுக்குப் பட்டுடும். 用途 (யோதோ) என்றே தனித் தலைப்பும் இருக்கும், அதுக்கு நேரா உபயோகம் எழுதியிருப்பாங்க.

லேபிள்தாத்தா · 5 மார்ச், காலை 8:58

இப்போ அரைக்கிணறு சொன்ன 酸.

உங்க படம் 2, 成分 என்ற தலைப்பு. உள்ளே என்னென்ன இருக்குங்கற வரி. முதல் பொருள் 次亜塩素酸ナトリウム. இதுல 酸 இருக்கு, சரிதான். ஆனா இது சோடியம் ஹைப்போகுளோரைட். அந்த உப்போட பெயருக்குள்ள ஒட்டிக்கிட்டிருக்கற எழுத்து அது, பாட்டிலோட குணத்தைச் சொல்லலை. அதே 酸, 塩酸 என்ற சொல்லுலயும் வரும். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம், ஜப்பான்ல கழிப்பறைக்குப் பிரபலமான சன்போலுல 9.5 சதவீதம் இருக்கறது அதுதான். மூணாவதா 酸素 என்ற சொல்லுலயும் வரும். அது ஆக்சிஜன். ஆக, ஒரே எழுத்து மூணு பாட்டில்ல மூணு வேலை பார்க்குது. தனி எழுத்தைப் பார்த்து முடிவு பண்ணினா குளோரினையும் அமிலத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுக் கலந்துடுவோம்.

அதனால எப்பவும் முழுச் சேர்க்கையா தேடுங்க. 塩素系 என்றால் குளோரின் வகை, 酸素系 என்றால் ஆக்சிஜன் வகை, 酸性 என்றால்தான் அமிலத்தன்மை. முதல் ரெண்டுக்கும் ஒரே ஒரு எழுத்து வித்தியாசம், ரெண்டும் மங்கின படத்துல ஒண்ணு போல இருக்கும். 塩 இடப்பக்கம் மண்ணுக்கான எழுத்து, குட்டையா, கூட்டல் குறி மாதிரி இருக்கும். 酸 இடப்பக்கம் கள்ளுச் சாடி மாதிரி மூடின பெட்டி, உள்ளே கோடு. இடது பாதியை மட்டும் பெருசாக்கிப் பாருங்க, பிடிபடும்.

உங்களோடது 塩素系. பக்கத்துலயே பெரிய எழுத்துல まぜるな危険 இருக்கு, "கலக்காதே, ஆபத்து". 危険 என்ற ரெண்டு எழுத்தும் சிவப்பு. அது தெரிஞ்சா மீதி எதுவும் படிக்கத் தெரியாட்டாலும் ஒரு விஷயம் நிச்சயம்: எதோடயும் சேர்க்கக் கூடாத பாட்டில். ஆனா குளோரின் வகையிலயும் இது இருக்கும், எதிர்ப்பக்கம் அமில வகையிலயும் இருக்கும். ஆக இதை மட்டும் வெச்சு எது எதுன்னு சொல்ல முடியாது.

நிஷிகசாய்_புதுசு · 5 மார்ச், மதியம் 12:15

தலை சுத்துது, ஆனா புரியுது. படம் 2-ல 液性 என்று ஒரு தலைப்பு இருக்கு, எதிர்ல アルカリ性. அது என்ன?

அரைக்கிணறு · 5 மார்ச், மதியம் 12:40

அல்கலி. கத்தகானாவுல அப்படியே "அருகாரி". 😄 சரி, நான் தோத்தேன், அமிலம் இல்லை.

லேபிள்தாத்தா · 5 மார்ச், மதியம் 1:10

தோத்ததுக்கு மாலை போடறோம், கவலைப்படாதீங்க. 液性 என்பது திரவத்தோட தன்மை. 中性 நடுநிலை, அது பி.எச். 6-லேருந்து 8 வரை. வெறும் アルカリ性 என்றால் 11-க்கு மேல, கையுறை இல்லாம தொடற சமாச்சாரம் இல்லை. முன்னாடி 弱 சேர்ந்தா மிதமானது. பாத்திர சோப்பு பெரும்பாலும் 中性 அல்லது 弱アルカリ性. வெறும் アルカリ性 போட்டதைப் பாத்திர சோப்புன்னு நினைச்சு ஸ்பாஞ்ச்ல ஊத்தினா கை உரியும். உபயோகம் பற்றின சந்தேகத்துக்கு இந்த ஒரு வரி நல்ல குறுக்குச் சோதனை.

டெர்மினல்தம்பி · 5 மார்ச், மாலை 4:25

செயலிக்குப் பதிலா நேரா எழுத்தை மட்டும் பிரிச்சு எடுத்தா நல்லது, மொழிபெயர்ப்பு தனியாப் பார்த்துக்கலாம். கணினி இருந்தா:

```
magick label.jpg -colorspace Gray -resize 300% label2.png
tesseract label2.png out -l jpn --psm 6
```

செங்குத்தா எழுதின பகுதியை மட்டும் தனியா வெட்டி எடுத்து `-l jpn_vert --psm 5` போடுங்க. கட்டக் கோடுகள் இருந்தா அதையும் எழுத்துன்னு நினைச்சுக்கும், அதனால கட்டத்தோட உள்பக்கத்தை மட்டும் வெட்டிக் கொடுக்கணும்.

புதுசோட படம் 2-ல போட்டுப் பார்த்தேன். 成分 வரி நல்லா வந்துச்சு. முன்பக்கம் வரலை, எழுத்துக்கு வெளிக்கோடும் நிழலும் போட்டிருக்காங்க. அலங்கார எழுத்துக்கு இது கையாலாகாது.

லேபிள்தாத்தா · 5 மார்ச், மாலை 5:02

சரியான வேலைப் பிரிவினை, தம்பி. முன்பக்கம் மனுஷனுக்கு, பின்பக்கம் இயந்திரத்துக்கு.

முன்பக்கத்துக்கு என் வழி: போன்ல ஜப்பானிய விசைப்பலகை சேர்த்துக்கிட்டு நாமே தட்டச்சுப் பண்றது. `haita-` என்று அடிச்சா ハイター வரும். கடைசி நீட்டல் கோட்டுக்குக் கழித்தல் குறி. ஒலி தெரியாத எழுத்துன்னா கையெழுத்து உள்ளீட்டுல விரலால வரைஞ்சா தேர்வுகள் காட்டும். வந்த சொல்லைப் படத் தேடல்ல போட்டு, வர்ற பாட்டில்களை உங்க பாட்டிலோட ஒப்பிடுங்க. பெயர் பொருந்தினா போதாது, கைப்பிடி வடிவம், மூடி நிறம், கொள்ளளவு மூணும் பொருந்தணும்.

கத்தகானாவுல ஏமாத்தற ஜோடிகள் シ/ツ, ソ/ン. முதல் ஜோடியில சின்னக் கோடுகள் மேலும் கீழுமா அடுக்கியிருந்தா シ (ஷி), பக்கம் பக்கமா நின்னா ツ (ட்சு). இது ரெண்டையும் நேட்டிவ் பசங்களே அவசரத்துல குழப்புவாங்க.

நிஷிகசாய்_புதுசு · 5 மார்ச், இரவு 8:20

முன்பக்கத்தை இன்னும் கிட்டப் போய் எடுத்தேன், இன்னும் மோசமா வருது. பளபளன்னு வெள்ளைக் கறை. எழுத்து பாட்டிலோட வளைவுல சுருண்டு போகுது.

டெர்மினல்தம்பி · 5 மார்ச், இரவு 8:47

கிட்டப் போகாதீங்க. பாட்டிலை ஜன்னல் பக்கமா வெச்சு வெளிச்சம் ஓரத்துலேருந்து விழட்டும். ஃப்ளாஷ் வேண்டாம், அந்த வெள்ளைக் கறை அதோட வேலைதான். போன் ஒரு முழம் தள்ளி, இரட்டை ஜூம். கிட்டப் போனா லென்ஸே ஓரத்தை வளைக்கும், பாட்டில் வேற வளைஞ்சிருக்கு, ரெண்டும் சேர்ந்தா எழுத்து சுருளத்தான் செய்யும். பாட்டிலைக் கொஞ்சம் கொஞ்சமா திருப்பி நாலு படம். ஒவ்வொண்ணும் முந்தினதோட மூணுல ஒரு பங்கு மேல படியணும். நடுப்பகுதியை மட்டும் நம்பி ஓரத்தை அடுத்த படத்துல பாருங்க.

அப்புறம் வாட்ஸ்அப்ல படமா அனுப்பினா சுருங்கிடும். கோப்பா அனுப்புங்க. 酸 எழுத்துல 14 கோடு இருக்கு, அது சின்னப் படத்துல கறுப்புக் கட்டிதான்.

நிஷிகசாய்_புதுசு · 6 மார்ச், காலை 6:55

காலை வெளிச்சத்துல எடுத்தேன். வாவ்! இப்போ キッチン முழுசாத் தெரியுது, அதுக்கும் ハイター-க்கும் நடுவுல ஒண்ணும் இல்லை. உள்ளே சின்னதா "つめかえ用" என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கு. இதுவும் 用-ல முடியுது! தாத்தா விதிப்படி இது எதுக்கு உரியது?

லேபிள்தாத்தா · 6 மார்ச், காலை 8:10

நல்ல வேளை கேட்டீங்க, நான் நேத்து சொன்னதுல ஓட்டை இருக்கு. つめかえ用 என்றால் "நிரப்பிக்கொள்ளும் பாக்கெட்". அதாவது காலி பாட்டில்ல ஊத்திக்க. அது எதைக் கழுவறதுன்னு சொல்லலை. 業務用 என்றால் கடை, உணவக உபயோகம். 家庭用 என்றால் வீட்டு உபயோகம். இந்த மூணும் 用 முடிவுதான், ஆனா பொருளோட வேலையைச் சொல்லாது. அதனால 用-ஐக் கண்டதும் நிக்காம, அதுக்கு முன்னாடி இருக்கறது இடமா (台所, トイレ), பொருளா (食器, 衣料), இல்லை வியாபாரச் சமாச்சாரமான்னு ஒரு தடவை பார்க்கணும். சந்தேகம்னா 品名 வரியில வர்ற 用 மட்டும் நம்புங்க. அங்கே வேலைதான் இருக்கும்.

ரெண்டாவது திருத்தம். நான் கத்தகானா = பிராண்ட்னு எழுதின மாதிரி தொனிச்சது. キッチン என்பதே கத்தகானா, ஆனா "கிச்சன்"தான். ブリーチ (புரீச்சி) என்று முன்பக்கத்துல பெருசா இருந்தா அது "பிளீச்", பல கம்பெனி போடும். ナトリウム என்றால் சோடியம். ஒலியை வாய்விட்டுப் படிச்சா ஆங்கிலமாவோ ஜெர்மனாவோ கேட்டா அது பெரும்பாலும் பொதுச்சொல். எதுவாவும் கேட்காதது பிராண்டா இருக்க வாய்ப்பு அதிகம்.

பாத்திரக்கடை · 6 மார்ச், காலை 9:02

அப்போ லேபிளை எடுக்க வேண்டாமா?

லேபிள்தாத்தா · 6 மார்ச், காலை 9:05

வேண்டாம்ங்க 🙏

அரைக்கிணறு · 6 மார்ச், காலை 10:30

பச்சை பாட்டில் = சமையலறை, நீலம் = துணி, இளஞ்சிவப்பு = வண்ணத் துணி. நிறத்தை வெச்சே முடிச்சிடலாமே. என் வீட்டுல அந்த மூணும் அப்படித்தான்.

லேபிள்தாத்தா · 6 மார்ச், காலை 11:15

இந்த பிராண்டுக்குள்ள அது சரி. சமையலறை ஹைட்டா பச்சை, வெறும் ஹைட்டா நீலம், அது 衣料用 ஆனா குளோரின் வகை, வெள்ளைத் துணிக்கு மட்டும். இளஞ்சிவப்பு ワイドハイター ஆக்சிஜன் வகை, சாயத் துணிக்கும். ஆக ஹைட்டாங்கற ஒரே பெயர்ல உள்ளே மூணு சங்கதி. பிராண்டைக் கண்டுபிடிச்சதும் வேலை முடிஞ்சுதுன்னு நினைக்கறவங்க இங்கே மாட்டுவாங்க. ワイド (வைடு) என்ற மூணெழுத்தைக் கவனிக்காம நீல பாட்டிலைப் பட்டுப் புடவைக்கு ஊத்தினா புடவை போச்சு.

அதுல நுணுக்கம் இன்னொண்ணு இருக்கு. இளஞ்சிவப்புலயே திரவத்துல இருக்கறது ஹைட்ரஜன் பெராக்சைடு, 液性 வரியில 酸性 என்று போட்டிருக்கும். தூளுல சோடியம் பெர்கார்பனேட், அது 弱アルカリ性. ரெண்டும் 酸素系. அதனாலதான் நிறத்தை நம்பாம வரியைப் படிக்கச் சொல்றேன். இன்னொரு கம்பெனி பச்சையை வேற எதுக்கோ வெச்சிருக்கும், அப்போ என்ன பண்ணுவீங்க?

நிஷிகசாய்_புதுசு · 6 மார்ச், மாலை 7:40

சரி, இட்லித் துணி. எடுக்கவா வேண்டாமா?

லேபிள்தாத்தா · 6 மார்ச், மாலை 8:20

லேபிள் என்ன சொல்லுதோ அதைச் சொல்றேன். பின்பக்கத்துல ரெண்டு பட்டியல் இருக்கும்: 使えるもの பயன்படுத்தலாம், 使えないもの கூடாது. நடுவுல ない வர்றதுதான் "இல்லை". சின்ன எழுத்துதான், தவறவிட்டா பட்டியல் தலைகீழாயிடும். செயலி எத்தனையோ தடவை இதைக் கவிழ்த்திருக்கு. பக்கத்துல × குறி இருந்தா அதை நம்புங்க.

"லாம்" பட்டியல்ல ふきん இருக்கு, அது சமையலறைத் துடைப்புத் துணி. வெள்ளைப் பருத்தி இட்லித் துணி அதுல அடங்கும். சாயத் துணி, கம்பளி, பட்டு, அலுமினியப் பாத்திரம், மெலமைன் தட்டு எல்லாம் "கூடாது" பக்கம். சாயக்கரை வெச்ச துணியா இருந்தா கரை போயிடும்.

அளவு 使用量の目安 என்ற தலைப்புல இருக்கும். எண்ணெல்லாம் நம்ம எண்தான், அதனால அதை நீங்களே படிக்கலாம்: 水 என்றால் தண்ணீர், அதுக்குப் பக்கத்துல L, இன்னொரு எண்ணுக்குப் பக்கத்துல mL, 分 என்றால் நிமிஷம், キャップ என்றால் மூடி. 分 எழுத்தைச் "சதவீதம்", "பங்கு" என்று செயலி மாத்திக் காட்டினா நம்பாதீங்க, முன்னாடி இருக்கற எண்ணைப் பாருங்க. ஊறினதுக்கு அப்புறம் நல்லா அலசணும்.

புளி, எலுமிச்சை, வினிகர் எதுவும் அதே தொட்டியில வேண்டாம். லேபிள்ல 食酢 என்று இருக்கறது வினிகர். அமிலம் பட்டா குளோரின் வாயு வரும், அந்தச் சிவப்பு எழுத்து அதுக்குத்தான். புளி போட்டுத் தேய்ச்ச பாத்திரத்தை அலசாம அதே சிங்க்ல இதை ஊத்தற பழக்கம் நம்மாளுங்ககிட்ட இருக்கு, அதான் சொல்றேன்.

டெர்மினல்தம்பி · 6 மார்ச், மாலை 9:05

முன்பக்கத்துல 泡 என்ற எழுத்து இருக்கான்னு பாருங்க புதுசு. キッチン泡ハイター என்பது நுரைத் தெளிப்பான். அது தண்ணியில கலக்காம நேரா அடிக்கறது. நாம அளவைப் பத்திப் பேசிட்டிருக்கோம், பாட்டில் அதுவா இருந்தா எல்லாம் வீண்.

லேபிள்தாத்தா · 6 மார்ச், மாலை 9:12

அருமையான கேள்வி, நான் விட்டுட்டேன். தலையில துப்பாக்கி மாதிரி விசை இருந்தா நுரை வகை. திருகு மூடி இருந்தா ஊத்தி நீர்த்துப் பயன்படுத்தறது. புதுசு காலையில சொன்னாரே, "நடுவுல ஒண்ணும் இல்லை"ன்னு. அதை நம்பலாம்.

சோல்_சுப்பு · 7 மார்ச், காலை 7:15

தாத்தா, என் கொரியன் பாட்டில்...

லேபிள்தாத்தா · 7 மார்ச், காலை 8:30

மறக்கலை. 락스 (ராக்ஸ்) குளோரின் வெளுப்பானுக்குக் கொரியாவுல சொல்ற பெயர். ஜப்பானியத்துல 用 செய்யற வேலையைக் கொரியன்ல 용 (யோங்) செய்யும், அதே சீனச் சொல்லோட கொரிய ஒலி அது. 주방용 இருந்தா சமையலறைக்கு. 用途 அங்கே 용도. 염소계 என்றால் குளோரின் வகை, 산소계 என்றால் ஆக்சிஜன் வகை. இதுலயும் முதல் எழுத்துதான் வித்தியாசம், 염 மேல சின்ன வட்டம் இருக்கும், 산 மேல கூரை மாதிரி. பாட்டிலைப் படம் எடுத்து அனுப்புங்க, கொரிய லேபிள் முறை வேற, 品名 மாதிரி கட்டம் அங்கே எந்த இடத்துல வருதுன்னு பார்த்துதான் சொல்லணும்.

அரைக்கிணறு · 7 மார்ச், காலை 9:00

ஒரு சந்தேகம், சண்டைக்கு இல்லை. பாட்டில் எத்தனை வருஷமா சிங்க்குக்குக் கீழே கிடக்குன்னு யாருக்குத் தெரியும்? காலாவதி தேதி எங்கே?

லேபிள்தாத்தா · 7 மார்ச், காலை 9:48

லேபிள்ல தேடினாலும் கிடைக்காது. அடியிலயோ கழுத்துலயோ அச்சடிச்ச எண்ணும் எழுத்தும் கலந்த ஒரு வரிதான் இருக்கும், அது கம்பெனி உள்குறியீடு, வெளியாள் அதைத் தேதியாப் படிக்க முடியாது. கேட்கணும்னா லேபிள் கீழே 0120-ல ஆரம்பிக்கற இலவசத் தொலைபேசி எண் இருக்கும். குளோரின் வகை நாளாக நாளாக வீரியம் குறையும். பழசுன்னா கறை போகாம நிக்கும், அவ்வளவுதான்னு ஒரு கட்சி. எந்தப் பலமும் தெரியாததை வீட்டுல வெச்சுக்கறதே வேண்டாம்னு இன்னொரு கட்சி. நான் ரெண்டாவது.

டெர்மினல்தம்பி · 7 மார்ச், காலை 10:20

நான் முதல் கட்சி. ஆனா ஒரு நிபந்தனையோட: உள்ளே இருக்கறது லேபிள்ல சொன்னதுதான்னு தெரியணும். அந்த つめかえ用 ஸ்டிக்கரைப் பார்த்ததுலேருந்து எனக்கு அரிப்பு. அது பாக்கெட்டுல இருக்க வேண்டியது, பாட்டில்ல யார் ஒட்டினது?

லேபிள்தாத்தா · 7 மார்ச், காலை 10:41

அதான்! நானும் இப்பதான் யோசிச்சேன். லேபிள் பாட்டிலைப் பத்திச் சொல்லும், உள்ளே இருக்கறதைப் பத்திச் சொல்லாது. புதுசு, அந்த ஸ்டிக்கர் அச்சடிச்சதா, கையால ஒட்டினதா? மூக்கை வெச்சு மோந்து பார்க்காதீங்க. ஒரு சொட்டு வெள்ளைத் தட்டுல விட்டு நிறம் மட்டும் பாருங்க. தெளிவா, வெளிர் மஞ்சளா, தண்ணி மாதிரி ஓடணும்.

நிஷிகசாய்_புதுசு · 7 மார்ச், இரவு 9:30

வேற பாக்கெட்லேருந்து வெட்டி ஒட்டின ஸ்டிக்கர்தான், டேப் போட்டிருக்கு. சொட்டு விட்டேன்: கொழகொழன்னு, லேசா நீலம். தண்ணி மாதிரி ஓடலை.

லேபிள்தாத்தா · 7 மார்ச், இரவு 9:44

அப்போ அது ஹைட்டா இல்லை. முன்னாடி இருந்தவர் காலி பாட்டில்ல வேற ஏதோ நிரப்பியிருக்கார். துணி மென்மையாக்கியா, பாத்திர சோப்பா, தெரியாது. மூடியை இறுக்கி, இட்லித் துணியை எட்ட வெச்சிடுங்க. டேப்புல ஒட்டின அந்தத் துண்டைத் திருப்பிப் பின்பக்கமும், ஓரத்துல அறுபட்ட எழுத்தும் தெரியற மாதிரி படம் எடுங்க. 柔軟剤 என்பதோட ஒரு எழுத்தாவது மிச்சம் இருந்தா துணி மென்மையாக்கி.

அரைக்கிணறு · 7 மார்ச், இரவு 10:02

மூணு நாள் லேபிள் படிச்சு, கடைசியில லேபிளே பொய்.

நிஷிகசாய்_புதுசு · 8 மார்ச், காலை 7:05

ஓரத்துல பாதி எழுத்து இருக்கு. இடப்பக்கம் வண்டிச் சக்கரம் மாதிரி பெட்டி, குறுக்கே கோடு, நடுவுல நேர்கோடு மேலயும் கீழயும் நீட்டிக்கிட்டு. வலப்பக்கம் அறுபட்டுப் போச்சு.

லேபிள்தாத்தா · 8 மார்ச், காலை 8:15

車. வண்டிக்கான எழுத்து அது. 軟 எழுத்தோட இடப்பாதி அதேதான். துணி மென்மையாக்கியா இருக்கலாம், வேற வண்டி எழுத்தாவும் இருக்கலாம். பாதி எழுத்தை வெச்சு நான் துணி ஊறவைக்கச் சொல்ல மாட்டேன்.

பாத்திரக்கடை · 8 மார்ச், காலை 8:40

அந்த டேப் பசைக்கும் தேங்காய் எண்ணெய்தான்.